அக்கா கட்டாத கட்டணம்: மியூச்சுவல் ஃபண்ட் செலவு விகிதம் பற்றி ஒரு பேச்சு

(மாவட்ட மைய நூலக வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

இங்கே மியூச்சுவல் ஃபண்டில் எஸ்.ஐ.பி. கட்டுகிறவர்கள் கையைத் தூக்குங்க. பாதிப் பேருக்கு மேல இருக்கீங்க. சரி, அதற்காக வருஷத்துக்கு எவ்வளவு கட்டணம் கொடுக்கிறீங்கன்னு தெரிஞ்சவங்க மட்டும் கையை இறக்காம இருங்க.

மூணு கை. பரவாயில்லை. போன வருஷம் எங்க அக்காவிடம் இதே கேள்வியைக் கேட்டேன். "நான் எங்கடா கட்டணம் கட்டுறேன்? மாசம் அஞ்சாயிரம் போகுது, அவ்வளவுதான்"னு சொன்னாங்க. அக்கா அரசுப் பள்ளி ஆசிரியை, வயசு 50. பைசா சுத்தமா வீட்டுக் கணக்கு எழுதுகிற ஆள். கேஸ் சிலிண்டர் எந்தத் தேதியில் வந்தது என்பது கூட நோட்டில் இருக்கும். அந்த நோட்டில் இந்தக் கட்டணத்துக்கு ஒரு வரி கூட இல்லை. அது அவங்க தப்பும் இல்லை. இந்தக் கட்டணத்துக்கு யாரும் பில் தருவதில்லை, வங்கிக் கணக்கிலிருந்தும் பிடிப்பதில்லை. அது எங்கே பிடிக்கப்படுகிறது, எப்படிக் கண்டுபிடிப்பது, அதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

மியூச்சுவல் ஃபண்ட் நடத்த ஆள் வேண்டும், அலுவலகம் வேண்டும், கணக்கு வைக்க வேண்டும், விற்றுக் கொடுத்தவருக்குக் கமிஷன் கொடுக்க வேண்டும். இத்தனை செலவையும் சேர்த்து, ஃபண்டில் உள்ள மொத்தப் பணத்தில் வருஷத்துக்கு இத்தனை சதவீதம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். அதுதான் செலவு விகிதம், எக்ஸ்பென்ஸ் ரேஷியோ. திரையில் TER என்று மூன்று எழுத்தில் இருக்கும். அதிகபட்சம் எவ்வளவு எடுக்கலாம் என்பதற்கு செபி உச்சவரம்பு வைத்திருக்கிறது. ஃபண்ட் பெரிதாக வளர வளர அந்த வரம்பு குறையும்.

எடுப்பது எப்படி? வருஷக் கடைசியில் மொத்தமாக இல்லை. வருஷ விகிதத்தை 365-ஆல் வகுத்து ஒவ்வொரு நாளுக்கும் ஒரு துளி. தினமும் இரவு ஃபண்டின் பங்குகள், பணம் எல்லாவற்றையும் மதிப்பிட்டு, அந்த நாளின் செலவைக் கழித்துவிட்டு, மீதியை யூனிட்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பார்கள். வருவதுதான் என்.ஏ.வி., ஒரு யூனிட்டின் விலை. ஆக நீங்கள் செயலியில் பார்க்கும் என்.ஏ.வி. கட்டணம் போன பிறகு உள்ள விலை. "12 சதவீதம் வளர்ந்திருக்கு" என்று காட்டினால் அதுவும் கட்டணம் கழித்த பிறகுதான். அதனால் யாருக்கும் எதுவும் போனமாதிரியே தெரியாது. சந்தை விழுந்து உங்கள் பணம் கரைகிற வருஷத்திலும் இந்தத் துளி நிற்காது. இது லாபத்தில் பங்கு கேட்பதில்லை, இருக்கிற மொத்தத்தில் கேட்கிறது.

இந்தக் கடைசி வாக்கியத்தில்தான் விஷயமே இருக்கு, கொஞ்சம் நின்னு பார்க்கலாம்.

அக்காவிடம் "உன் ஃபண்டுல வருஷத்துக்கு 2 சதவீதம் எடுக்கிறாங்க"ன்னு சொன்னதும் அவங்க உடனே மனக்கணக்குப் போட்டாங்க. "அஞ்சாயிரத்துக்கு ரெண்டு சதவீதம்னா நூறு ரூபா. மாசம் நூறு ரூபாதானே, போகட்டும்." நம்மில் நிறைய பேர் இப்படித்தான் நினைக்கிறோம். ஆனால் 2 சதவீதம் இந்த மாதத் தவணை மேல் இல்லை, இதுவரை சேர்ந்த எல்லாவற்றின் மேலும். ஒவ்வொரு வருஷமும், மறுபடி மறுபடி.

அக்கா 15 வருஷமாகக் கட்டுறாங்க. போட்டது 9 லட்சம். இப்போது சுமார் 18 லட்சம் இருக்கிறது. 18 லட்சத்தில் 2 சதவீதம் 36,000 ரூபாய். ஞாயிற்றுக்கிழமை, தீபாவளி எல்லாம் சேர்த்து ஒரு நாளுக்கு நூறு ரூபாய். மாதத்துக்கு 3,000. அதாவது அக்கா மாதம் 5,000 உள்ளே போட, பின்வாசல் வழியாக 3,000 வெளியே போகிறது. இதே வேகத்தில் இன்னும் நாலைந்து வருஷத்தில் அது 30 லட்சமாகும். அப்போது வருஷக் கட்டணம் 60,000. அக்கா வருஷம் முழுக்கக் கட்டும் எஸ்.ஐ.பி.யும் அதே 60,000. முதல் வருஷத்தில் சில நூறு ரூபாயாக இருந்த செலவு அந்த இடத்துக்கு வந்து நிற்கும். விகிதம் ஒரு புள்ளி கூட ஏறவில்லை, 2 சதவீதம் 2 சதவீதமாகவே இருந்தது.

இதைக் கேட்டதும் அக்கா கேட்டது நியாயமான கேள்வி. "அப்போ எல்லாருக்கும் இப்படித்தானே? இதுக்கு வேற வழி இருக்கா?"

இருக்கு. 2013 ஜனவரி 1 முதல் ஒவ்வொரு மியூச்சுவல் ஃபண்ட் திட்டமும் இரண்டு வாசல் வைத்திருக்க வேண்டும் என்பது செபியின் உத்தரவு. ஒன்று ரெகுலர், இன்னொன்று டைரக்ட். இரண்டும் ஒரே ஃபண்ட்தான். ஒரே மேலாளர், ஒரே பங்குகள், எல்லாம் ஒன்று. ரெகுலரில் விற்றுக் கொடுத்த வங்கிக்கோ முகவருக்கோ போகும் கமிஷன் செலவு விகிதத்துக்குள் இருக்கிறது. டைரக்டில் அது இல்லை. அக்காவின் ஃபண்டில் ரெகுலர் சுமார் 2 சதவீதம், டைரக்ட் சுமார் 1 சதவீதம். பங்கு சார்ந்த ஃபண்டுகளில் இந்த இடைவெளி அரை சதவீதத்திலிருந்து ஒன்றுக்கு மேல் வரை இருக்கலாம், ஃபண்டைப் பொறுத்தது.

ஒரு சதவீதம் என்ன செய்துவிடும்? கட்டணம் எடுப்பதற்கு முன் ஃபண்ட் வருஷத்துக்கு 11 சதவீதம் சம்பாதிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இது கணக்குப் போட ஒரு எண்தான், சந்தை அப்படிச் சீராகத் தருவதில்லை. டைரக்டில் 10 சதவீதம் நிற்கும், ரெகுலரில் 9. மாதம் 5,000 கட்டினால், 5 வருஷம் கழித்து இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுமார் 9,000 ரூபாய். யாரும் கவனிக்கமாட்டார்கள். 10 வருஷத்தில் அது 50,000 ஆகும். 15 வருஷத்தில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும். 20 வருஷத்தில் 4 லட்சம். 25 வருஷத்தில் டைரக்டில் 61 லட்சத்து 70 ஆயிரம், ரெகுலரில் 52 லட்சத்து 90 ஆயிரம். வித்தியாசம் 8 லட்சத்து 80 ஆயிரம். 25 வருஷமும் கட்டியதே மொத்தம் 15 லட்சம்தான்.

கடைசி ஐந்து வருஷத்தில் மட்டும் வித்தியாசம் இரட்டிப்புக்கு மேல் ஆகிறதைக் கவனிச்சீங்களா? எடுத்த கட்டணம் மட்டும் போகவில்லை, அந்தப் பணம் உள்ளே இருந்திருந்தால் போட்டிருக்கும் குட்டியும் போகிறது, அந்தக் குட்டியின் குட்டியும் போகிறது. விதைநெல்லில் ஒரு படி எடுத்தால் குறைவது ஒரு படி இல்லை, அந்த மாதிரி. கட்டணமே இல்லாமல் 11 சதவீதமும் கிடைத்திருந்தால் 72 லட்சம் ஆகியிருக்கும். அதோடு ஒப்பிட்டால் 2 சதவீதக் கட்டணம் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கொண்டுபோகிறது. கட்டணமே இல்லாத ஃபண்ட் கிடையாது, அதனால் 72 லட்சத்தை நினைத்து ஏங்க வேண்டாம். 2-க்கும் 1-க்கும் நடுவில் உள்ளது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

சரி, உங்களுடையது எந்த வாசல்? இதைப் பார்க்க யாரிடமும் போக வேண்டாம், போன் போதும்.

உங்கள் எல்லா ஃபண்டுகளையும் ஒரே இடத்தில் காட்டும் அறிக்கை ஒன்று இருக்கிறது. ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கை, திரையில் CAS என்று இருக்கும். ஃபண்ட் கணக்கோடு உங்கள் மின்னஞ்சல் பதிவாகியிருந்தால் அது பி.டி.எஃப். கோப்பாக வரும். பலருக்கு ஏற்கெனவே வந்து திறக்கப்படாமல் கிடக்கும். அக்காவின் இன்பாக்ஸில் 40-க்கு மேல் கிடந்தது. தானாக வரும் கோப்புக்குப் பெரும்பாலும் உங்கள் பான் எண்தான் கடவுச்சொல், பெரிய எழுத்தில். வரவில்லை என்றால் MF Central தளத்தில் பான் எண்ணும் பதிவு செய்த கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி.யும் கொடுத்து எடுக்கலாம்.

திறந்ததும் ஃபண்டின் முழுப் பெயரைப் படியுங்கள். Direct என்ற சொல் இருந்தால் டைரக்ட். Regular என்று இருந்தால் ரெகுலர். அக்காவுடையதில் இரண்டும் இல்லை, வெறும் Growth என்று முடிந்தது. 2013-க்கு முன் தொடங்கிய பழைய கணக்குகளில் இப்படி இருக்கும், அது ரெகுலர்தான். சந்தேகம் என்றால் பக்கத்திலேயே Advisor என்ற இடத்தைப் பாருங்கள். அங்கே ARN என்று தொடங்கி ஒரு எண் இருந்தால் அது விற்பனையாளரின் பதிவு எண், கமிஷன் அவருக்குப் போகிறது. DIRECT என்று இருந்தால் யாருக்கும் போகவில்லை.

இதைவிட முக்கியமான வரி ஒன்று அரையாண்டு அறிக்கையில் இருக்கிறது. மார்ச், செப்டம்பர் முடிந்ததும் வரும் அறிக்கையில், உங்கள் முதலீட்டுக்காக அந்த ஆறு மாதத்தில் விற்பனையாளருக்குக் கொடுத்த கமிஷனை ரூபாயில் போட வேண்டும் என்பது 2016-இல் செபி கொண்டுவந்த விதி. சதவீதத்தில் இல்லை, ரூபாயில். செலவு விகிதத்தின் சராசரியும் அங்கேயே இருக்கும். அக்காவின் அறிக்கையில் அந்த இடத்தில் 7,650 என்று இருந்தது. ஆறு மாதத்துக்கு.

அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாங்க. "இது யாருக்குப் போச்சு?"

"நீ சேர்ந்த வங்கிக்கு."

"அந்த பிராஞ்சில இருந்த தம்பி மாறிப்போயே பத்து வருஷம் ஆகுதேடா. ஒரு போன் கூட வந்ததில்லையே. ஃப்ரீ சர்வீஸ் மேடம்னு சொல்லித்தானே கையெழுத்து வாங்கினான்."

அந்தத் தம்பி பொய் சொன்னான் என்று நான் சொல்லமாட்டேன். கவுண்டரில் பணம் கேட்கவில்லை என்ற பொருளில் அது ஃப்ரீதான். சட்டப்படியும் தப்பில்லை. இன்னொரு பக்கமும் சொல்லணும். முகவருக்குக் கமிஷன் போவது எல்லா நேரமும் வீண் கிடையாது. எனக்குத் தெரிந்த ஒரு முகவர் 2020 மார்ச்சில் சந்தை சரிந்தபோது தன் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் போன் போட்டு, "விக்காதீங்க, எஸ்.ஐ.பி.யை நிறுத்தாதீங்க"ன்னு மல்லுக்கட்டினார். பயத்தில் விற்றிருந்தால் போயிருக்கக்கூடியது அவர் வாங்கிய கமிஷனைவிடப் பல மடங்கு. வாரிசு நியமனம், ஒருவர் இறந்தால் யூனிட்டுகளை மாற்றித் தருவது, இதெல்லாம் செய்கிற முகவர்களும் உண்டு. அப்படி ஒருவர் உங்களுக்கு இருந்தால், அந்த 7,650-ஐ அவருடைய சம்பளமாகப் பார்த்து, அது தகுமா என்று நீங்களே முடிவு பண்ணுங்க. அக்காவுக்கு அப்படி யாரும் இல்லை. பத்து வருஷமாக ஆளில்லாத கடைக்கு வாடகை போய்க்கொண்டிருந்தது.

இப்போது எல்லோரும் செய்கிற ஒரு தப்பைச் சொல்லிவிடுகிறேன். ஒரே ஃபண்டின் இரண்டு வாசலுக்கும் என்.ஏ.வி. தனித்தனியாக இருக்கும். டைரக்டின் விலை எப்போதும் கூடுதலாகத் தெரியும். ஒரு உதாரணத்துக்கு ரெகுலர் 80 ரூபாய், டைரக்ட் 91 ரூபாய் என்று வையுங்கள். "80 ரூபாய்க்குக் கிடைக்கிறதை ஏன் 91 கொடுத்து வாங்கணும்?" என்று அக்காவும் கேட்டாங்க. 10,000 ரூபாய் போட்டால் ரெகுலரில் 125 யூனிட், டைரக்டில் சுமார் 110 யூனிட் கிடைக்கும். இரண்டுக்கும் பின்னால் இருப்பது அதே 10,000 ரூபாய் மதிப்புள்ள பங்குகள். 2013-க்கு முன்பே இருந்த ஃபண்டுகளில் இரண்டு விலையும் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒன்றாக இருந்தவை. அந்தப் பதினோரு ரூபாய் இத்தனை வருஷமாக ரெகுலர்காரர்களிடமிருந்து துளித்துளியாகப் போனது. உங்கள் ஃபண்டுக்கு இது எவ்வளவு என்று பார்க்க, AMFI தளத்தில் இரண்டின் இன்றைய என்.ஏ.வி.யையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கால்குலேட்டர் கூடத் தேவைப்படாது.

அக்காவுக்கு ஆத்திரம் வந்து, "இப்பவே எல்லாத்தையும் டைரக்டுக்கு மாத்து"ன்னு சொன்னாங்க. நான்தான் நிறுத்தினேன். இந்த இடத்தில் அவசரப்பட்டால் கை சுடும்.

ரெகுலரிலிருந்து டைரக்டுக்கு மாற்றுவது திரையில் ஒரு பொத்தான். வருமான வரிக் கணக்கில் அது பழையதை விற்றுப் புதியதை வாங்குவது. பங்கு சார்ந்த ஃபண்டில் ஒரு வருஷத்துக்கு மேல் வைத்திருந்த யூனிட்டுகளை விற்றால், ஒரு நிதியாண்டில் வரும் லாபத்தில் ஒன்றேகால் லட்சம் வரை வரி இல்லை. அதற்கு மேல் உள்ளதற்கு 12.5 சதவீதம். அக்காவின் லாபம் 9 லட்சம். மொத்தமாக மாற்றினால் வரி, செஸ் சேர்த்து ஒரு பெரிய தொகையை ஒரே மார்ச்சில் கட்ட வேண்டி வரும். அந்த வரி என்றைக்கு விற்றாலும் கட்ட வேண்டியதுதான், ஆனால் இன்றைக்கே மொத்தமாகக் கட்ட அக்காவிடம் பணம் இல்லை. கடைசி 12 தவணைகளுக்கு இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, அவற்றுக்கு வரியும் கூடுதல், 20 சதவீதம். பல ஃபண்டுகளில் அவற்றுக்கு 1 சதவீதம் வெளியேறும் கட்டணமும் உண்டு. எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் தனித்தனிக் கடிகாரம் ஓடுகிறது என்பதை மறக்கக் கூடாது. வரிச்சலுகை ஃபண்ட் என்றால் ஒவ்வொரு தவணையும் மூன்று வருஷம் அசையாது.

அதனால் இரண்டு வேலையாகப் பிரித்தோம். முதல் வேலையில் வரியே இல்லை. ரெகுலரில் போகும் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, அதே ஃபண்டின் டைரக்டில் அதே 5,000-க்குப் புதிதாகத் தொடங்குவது. நிறுத்துவதை அடுத்த தவணைத் தேதிக்குச் சில நாள் முன்பே செய்துவிட வேண்டும், இல்லையென்றால் ஒரு மாதம் இரண்டு பக்கமும் பிடித்துவிடும். ஃபண்ட் நிறுவனத்தின் சொந்த இணையதளத்திலேயே செய்தோம். அக்காவின் கே.ஒய்.சி. ஏற்கெனவே முடிந்திருந்ததால் பத்து நிமிஷ வேலை.

இதிலும் ஒரு முறை சறுக்கினோம். அக்கா முதலில் வங்கியிலிருந்து எப்போதோ வந்த பழைய லிங்க்கைத் தொட்டுத்தான் உள்ளே போனாங்க. எல்லாம் சரியாகப் போனது. கடைசித் திரையில் பார்த்தால் ARN இடத்தில் வங்கியின் எண் தானாக நிரம்பியிருக்கிறது, ஃபண்ட் பெயரில் Regular! பணம் போகும் முன் அந்தக் கடைசித் திரையில் பெயரை முழுசாகப் படிக்கணும். Direct இருக்கணும், Growth இருக்கணும். சில செயலிகள் டைரக்ட் விற்கின்றன, சில ரெகுலர் விற்கின்றன. இரண்டுமே "ஜீரோ கட்டணம்" என்றுதான் விளம்பரம் போடும். செயலிக்குத் தனிக் கட்டணம் இல்லை என்பது உண்மை, அதனால் விளம்பரத்தைப் பார்த்து ஒன்றும் தெரியாது.

இரண்டாவது வேலை பழைய 18 லட்சம். ஒவ்வொரு நிதியாண்டும் மார்ச் 31-க்கு முன், லாபம் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டாத அளவு யூனிட்டுகளை மட்டும் டைரக்டுக்கு மாற்றுவது. பழைய யூனிட்டுகள்தான் முதலில் போகும், அவற்றில் லாபம் அதிகம். அதனால் அக்காவால் முதல் வருஷம் ஒரு சிறு பகுதியைத்தான் மாற்ற முடிந்தது. மீதியும் வளர்ந்துகொண்டே இருக்குமே, இது முடியவே முடியாதே என்று கேட்பீங்க. உண்மைதான், வரியே கட்டாமல் முழுசையும் மாற்றிவிட முடியாது. அகவிலைப்படி நிலுவை வரும் வருஷத்தில் கொஞ்சம் கூடுதலாக மாற்றி அதற்குரிய வரியைக் கட்டிவிடலாம் என்று அக்கா முடிவு செய்திருக்காங்க. அக்கா ஓய்வு பெற இன்னும் 10 வருஷம். இதே 11 சதவீதக் கணக்குப்படி, மொத்தமும் இன்றைக்கே டைரக்டில் இருந்தால் மாற்றும்போது வரும் வரியைக் கழிக்கும் முன் கூடுதலாகக் கிடைக்கக்கூடியது சுமார் நாலரை லட்சம். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றினால் அதில் ஒரு பகுதி.

இன்னும் இரண்டு வருஷத்தில் பணம் தேவை என்கிறவர்கள் இந்தப் பாட்டைப் பட வேண்டாம், கிடைப்பது வரிக்கே சரியாகிவிடும். கட்டணம் குறைவு என்பதற்காகவே ஃபண்டை மாற்றுவதும் சரியில்லை. ஒப்பிட்டால் ஒரே வகைக்குள் ஒப்பிடுங்கள். நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்டுகளை எடுத்தால் எல்லாவற்றிலும் இருப்பது அதே 50 பங்குகள், அங்கே கட்டணம் குறைந்ததே நல்லது. அவற்றின் டைரக்ட் திட்டங்களில் கால் சதவீதத்துக்கும் குறைவாகவே பல இருக்கின்றன. கடன் சார்ந்த ஃபண்டில் வருமானமே 7 சதவீதம் போலத்தான், அங்கே 1 சதவீதம் என்பது ஏழில் ஒரு பங்கு. பங்கு ஃபண்டைவிட அங்கேதான் இன்னும் உன்னிப்பாகப் பார்க்கணும்.

கேள்வி நேரத்துக்கு முன் ஒன்று. போன அக்டோபரில் அக்காவுக்கு அடுத்த அரையாண்டு அறிக்கை வந்தது. புது டைரக்ட் கணக்கில் கமிஷன் இடம் காலி. பழைய கணக்கில் இன்னும் 6,900 ரூபாய் என்று இருக்கு. அக்கா அந்த எண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதி வெச்சிருக்காங்க, கேஸ் சிலிண்டருக்குக் கீழே. ஏப்ரலில் அடுத்த அறிக்கை வந்ததும் எனக்கு முதல்ல போன் வரும்.

கேளுங்க, யாருக்கு என்ன சந்தேகம்?